திருச்சியில் வாரம் ஒரு சொட்டு மருந்து: ஓர் ஆர்.சி.டி. ஆய்வை அடியிலிருந்து கட்டுவது எப்படி

ஒரு மருந்தோ சத்துணவோ பலன் தந்ததா என்று கண்டுபிடிக்க, அதைக் கொடுத்துவிட்டு "முன்னைவிட இப்போது நன்றாக இருக்கிறார்களா?" என்று பார்த்தால் போதாது. சளி தானாகவே போகும். மழைக்காலம் முடிந்தால் வயிற்றுப்போக்கும் குறையும். மருந்தை விரும்பி வாங்கிக்கொள்ளும் குடும்பம் பெரும்பாலும் தண்ணீரையும் காய்ச்சிக் குடிக்கும் குடும்பமாக இருக்கும். இவற்றையெல்லாம் மருந்தின் பலனிலிருந்து பிரித்தெடுக்கத்தான் சமவாய்ப்புக் கட்டுப்பாட்டு ஆய்வு, அதாவது ஆர்.சி.டி. என்ற முறை வந்தது. யார் மருந்து பெறுவது, யார் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுக் குழுவில் இருப்பது என்பதைக் குலுக்கிப்போட்டுத் தீர்மானிப்பதுதான் அதன் சாரம்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது திருச்சிராப்பள்ளி மாவட்டக் கிராமங்களில் நடந்த வைட்டமின் ஏ ஆய்வு. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லக்ஷ்மி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் நடத்தி 1990-ல் வெளியிட்டார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள 15,419 குழந்தைகள், ஓராண்டு, வீடு வீடாக வாராவாரம் மருந்து. உலக அளவில் வைட்டமின் ஏ பற்றிய பேச்சை மாற்றிய ஆய்வுகளில் இது ஒன்று. கட்டமைப்பும் பாடம் நடத்துவதற்கென்றே செய்தது போல அவ்வளவு தெளிவு.

முதல் படி: கேள்வியை எண்ணக்கூடியதாக மாற்றுங்கள்

"வைட்டமின் ஏ குழந்தைகளுக்கு நல்லதா?" என்று கேட்டால் ஆய்வு செய்ய முடியாது. யாருக்கு, என்ன, எவ்வளவு, எதோடு ஒப்பிட்டு, எந்த முடிவை, எத்தனை நாளில் என்ற ஆறும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். திருச்சி ஆய்வின் கேள்வியை இப்படி எழுதலாம்: 6 முதல் 60 மாதக் குழந்தைகளுக்கு வாரந்தோறும் 8,333 சர்வதேச அலகு வைட்டமின் ஏ கொடுத்தால், கொடுக்காத குழந்தைகளோடு ஒப்பிடும்போது ஓராண்டில் இறப்பு குறையுமா?

அளவைக் கவனியுங்கள். அன்றும் இன்றும் அரசுத் திட்டங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பது 2 லட்சம் அலகு, பெரிய டோஸ். திருச்சியில் கொடுத்தது ஒரு வாரத்துக்கு உணவில் கிடைக்க வேண்டிய அளவை ஒட்டிய சிறிய டோஸ். கேள்வியில் இந்த ஒரு எண் மாறினால் அது வேறு ஆய்வு. இது கடைசியில் மறுபடியும் தேவைப்படும்.

முதன்மை முடிவு என்று ஒன்றை மட்டும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். இங்கே அது இறப்பு. பத்து முடிவுகளை அளந்து, நன்றாக வந்த ஒன்றைப் பிறகு பொறுக்கி எடுத்தால், தற்செயலாக வந்ததைக் கண்டுபிடிப்பாக நினைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: கட்டுப்பாட்டுக் குழுவுக்கு என்ன கொடுப்பது?

பலரும் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. இங்கே கொஞ்சம் நிற்போம்.

திருச்சிக்கு முன்பு, இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆல்ஃபிரட் சாமரின் குழு 450 கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தி 1986-ல் வெளியிட்டது. பாதிக் கிராமங்களில் குழந்தைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் பெரிய டோஸ் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். மற்றவற்றில் ஆய்வு முடியும் வரை எதுவும் கொடுக்கவில்லை. மருந்து வாங்கிய கிராமங்களில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெரிய செய்திதான். ஆனால் உடனே ஒரு கேள்வி எழுந்தது: மற்ற கிராமங்களில் மருந்து போலவே தோன்றும் பலனற்ற போலி மருந்து எதுவும் கொடுக்கவில்லையே? மருந்து கொடுக்க ஆள் வந்த கிராமத்தில், அந்த வருகையே எதையாவது மாற்றியிருக்காதா? வந்தவர் குழந்தையைப் பார்த்து "காய்ச்சலா இருக்கே, ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

திருச்சியில் இந்த ஓட்டையை அடைத்தார்கள். இரண்டு குழுக் குழந்தைகளுக்கும் வாராவாரம் தன்னார்வலர் வந்தார், இரண்டு குழுவுக்கும் வாயில் சொட்டு விட்டார். ஒரு குழுவின் மருந்தில் வைட்டமின் ஏ-யும் 20 மில்லிகிராம் வைட்டமின் ஈ-யும். மறு குழுவின் மருந்தில் அதே வைட்டமின் ஈ மட்டும். இரண்டுக்கும் இடையே இருந்த ஒரே வேறுபாடு வைட்டமின் ஏ. ஆள் வருகை, அக்கறை, கண்காணிப்பு, பேச்சு எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான்.

ஆகவே கட்டுப்பாட்டுக் குழுவைத் தீர்மானிக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே: எந்த ஒரு பொருளின் பலனைத் தனியே பார்க்க விரும்புகிறேன்? அதைத் தவிர மற்ற அனைத்தும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏற்கெனவே பலன் நிரூபணமான சிகிச்சை ஒன்று இருந்தால், கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அதைத்தான் தர வேண்டும், வெறும் போலி மருந்தை அல்ல. அதேபோல இப்படிப்பட்ட ஆய்வின் நடுவில் ஒரு குழந்தைக்கு மாலைக்கண்ணோ, கண்ணில் வைட்டமின் குறைபாட்டின் அறிகுறியோ தெரிந்தால், எந்தக் குழு என்று பார்க்காமல் உடனே முழு சிகிச்சை தர வேண்டும். அதற்கான விதி ஆய்வு தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் கைக்குப் போயிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: எதைக் குலுக்குவது? குழந்தையையா, ஊரையா?

மாத்திரை ஆய்வென்றால் வழக்கமாக ஆளுக்கு ஆள் ஒதுக்குவார்கள். திருச்சியில் அப்படிச் செய்யவில்லை. பகுதியை 206 கொத்துகளாகப் பிரித்து, கொத்துக் கொத்தாக ஒதுக்கினார்கள். காரணத்தைப் புரிந்துகொள்வது எளிது. ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அக்கா பிள்ளைக்கு ஒரு பாட்டில், தங்கை பிள்ளைக்கு இன்னொரு பாட்டில் என்று வாராவாரம் மாற்றிக் கொடுத்தால், ஓராண்டில் எத்தனை முறை கை மாறிப்போகும்? ஒரு தன்னார்வலர், ஒரு பகுதி, ஒரே மருந்து என்றால் அந்தக் குழப்பமே இல்லை.

ஆனால் கொத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே தெருக் குழந்தைகள் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரே தட்டம்மை அலையில் மாட்டுகிறார்கள். எனவே ஒரு கொத்தில் 75 குழந்தைகள் இருந்தால், தனித்தனியான 75 பேர் தரும் அளவுக்குத் தகவல் கிடைக்காது. அதைக் கணக்கில் கொள்ள இந்தச் சூத்திரம்:

```
1 + (m − 1) × ICC
```

m என்பது ஒரு கொத்தில் உள்ள சராசரி எண்ணிக்கை. ICC என்பது ஒரே கொத்தில் இருப்பவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்ற அளவு. உதாரணத்துக்கு m 75, ICC 0.01 என்று வைத்தால் விடை 1.74. ஆளுக்கு ஆள் ஒதுக்கினால் 1,000 பேர் போதும் என்ற இடத்தில் 1,740 பேர் வேண்டும். ஒத்துப்போகும் அளவு வெறும் நூற்றில் ஒன்றுதான், அதற்கே இவ்வளவு. இதைக் கணக்கில் சேர்க்காமல் கொத்து ஆய்வை அலசினால், இல்லாத உறுதி இருப்பது போலத் தெரியும். கொத்து ஆய்வு எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தத் திருத்தம் இருக்கிறதா என்பதைத்தான்.

நான்காம் படி: குலுக்கல்

எல்லாக் கொத்துகளின் பட்டியலும் முன்பே கையில் இருந்தால் வேலை சுலபம். ஒரே குலுக்கலில் முடிந்துவிடும். 206 கொத்துகளைச் சரிபாதியாகப் பிரிக்க ஆர் மென்பொருளில் இரண்டு வரி போதும்:

```r
set.seed(48213)
sample(rep(c("A", "B"), each = 103))
```

முதல் வரியில் உள்ள எண்ணை எழுதி வையுங்கள். பிறகு யார் கேட்டாலும் அதே வரிசையை மறுபடியும் வரவழைத்துக் காட்டலாம்.

மருத்துவமனை ஆய்வுகளில் நிலைமை வேறு. நோயாளிகள் ஒவ்வொருவராக வருவார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்றும் தெரியாது. வெறுமனே காசு சுண்டினால் முதல் இருபது பேரில் பதினான்கு பேர் ஒரே பக்கம் போய்விடலாம். அதற்குத்தான் தொகுதி முறை. நான்கு பேர் கொண்ட தொகுதியில் இரண்டு அ, இரண்டு ஆ என்றால் வரக்கூடிய வரிசைகள் மொத்தம் ஆறு: அஅஆஆ, அஆஅஆ, அஆஆஅ, ஆஅஅஆ, ஆஅஆஅ, ஆஆஅஅ. ஆறு வரிசை, பகடைக்கும் ஆறு பக்கம். ஒரு முறை உருட்டினால் நான்கு பேருக்கான வரிசை வந்துவிடும். 3 விழுந்தால் அஆஆஅ, அடுத்து 6 விழுந்தால் ஆஆஅஅ, இப்படியே. எட்டுப் பேர் சேர்ந்ததும் இரு பக்கமும் நான்கு நான்கு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தொகுதி நான்கு என்று தெரிந்து, யாருக்கு எது போனது என்பதும் தெரிந்தால், நான்காவது ஆளின் குழுவை யாரும் சொல்லிவிடலாம். ஆகவே தொகுதியின் அளவை நான்கு, ஆறு என்று கலந்து வைப்பார்கள். களத்தில் இருப்பவர்களிடம் அந்த அளவைச் சொல்லவே மாட்டார்கள்.

"திங்கள் வருபவருக்கு மருந்து, செவ்வாய் வருபவருக்கு இல்லை", "ஓ.பி. சீட்டு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா" போன்றவை குலுக்கலே அல்ல. இந்தத் தவறு இன்றும் நடக்கிறது. அடுத்த படியைப் படித்தால் ஏன் கூடாது என்பது விளங்கும்.

ஐந்தாம் படி: அடுத்தது யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது

பதிவு மேசையில் ஒரு செவிலியர் இருக்கிறார். மிக நலிந்த குழந்தையோடு ஒரு தாய் வருகிறார். அடுத்த சீட்டு கட்டுப்பாட்டுக் குழு என்று செவிலியருக்குத் தெரியும். "நாளைக்கு வாங்கம்மா, இன்னைக்குக் கூட்டம்" என்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். மறுநாள் வந்தால் அந்தக் குழந்தைக்கு மருந்து கிடைக்கும். ஆனால் இப்படிப் பத்து முறை நடந்தால் நலிந்த குழந்தைகள் எல்லாம் ஒரு பக்கம் குவிந்துவிடுவார்கள். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்திருந்தாலும் பயனில்லை.

இதைத் தடுப்பதுதான் ஒதுக்கீட்டு ரகசியம். 1948-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட காசநோய் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் செய்தது இதைத்தான். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு வரிசையைத் தயாரித்தார். ஒவ்வொரு ஒதுக்கீடும் எண்ணிட்டு ஒட்டிய உறைக்குள் இருந்தது. நோயாளி தகுதியானவர் என்று முடிவாகி, ஆய்வில் சேர்ந்த பிறகுதான் உறையைப் பிரித்தார்கள். சேர்ந்தவர்கள் 107 பேர்தான். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். அவ்வளவு சிறிய ஆய்வின் முடிவை உலகம் நம்பியதில் அந்த உறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று உறையை விட நம்பகமானது, வெளியே உள்ள ஒருவரிடம் வரிசை இருப்பது. களத்திலிருந்து போன் செய்து, பெயரைப் பதிந்த பிறகே அவர் குழுவைச் சொல்வார். உறைதான் என்றால், வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாத உறையாக இருக்கட்டும். பிரிக்கும் முன் மேலே பெயரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். கொத்து ஆய்வில் இதற்கு இணையான விதி, குழந்தைகளின் கணக்கெடுப்பு முழுவதும் முடிந்த பிறகே எந்த ஊர் எந்தக் குழு என்று திறப்பது.

ஆறாம் படி: மறைப்பு

ஒதுக்கீட்டு ரகசியத்தையும் மறைப்பையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முன்னது ஆய்வில் சேரும் நொடி வரை. பின்னது சேர்ந்த பிறகு, கடைசிக் கணக்கு முடியும் வரை. ஒதுக்கீட்டு ரகசியத்தை எந்த ஆய்விலும் காக்கலாம். மறைப்பு எல்லா ஆய்விலும் முடியாது.

திருச்சியில் முடிந்தது. எது எந்த மருந்து என்று தாய்க்கும் தெரியாது, சொட்டு விடும் தன்னார்வலருக்கும் தெரியாது. அது இங்கே ஏன் முக்கியம் என்றால், மருந்து கொடுத்த அதே தன்னார்வலர்தான் குழந்தைக்கு நோய் வந்ததா, இறந்ததா என்பதையும் பதிவு செய்தார். இறப்பைத் தவறாக எண்ணுவது கடினம். ஆனால் "பேதியா, காய்ச்சலா, எத்தனை நாள்?" என்று கேட்டு எழுதுவதில் எதிர்பார்ப்பு புகுந்துவிடும். நல்ல மருந்து கொடுத்த வீட்டில் ஒரு கேள்வி குறைவாகக் கேட்டால் போதும், முடிவு சாய்ந்துவிடும்.

மறைப்பு முடியாத இடத்தில் என்ன செய்வது? அதற்கும் நம் ஊரிலேயே விடை இருக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் ஒரு பகுதி நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து, மற்றவர்களுக்கு சானடோரியத்தில் தங்கி அதே மருந்து. வீட்டில் இருக்கிறோமா, சானடோரியத்தில் இருக்கிறோமா என்பதை யாரிடமும் மறைக்க முடியாது. அப்படிப்பட்ட ஆய்வில், முடிவை அளப்பவரிடமிருந்து மறைக்க வேண்டும். சளி மாதிரிக்கு வெறும் எண் மட்டும் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், கிருமி வளர்ந்ததா இல்லையா என்று பார்ப்பவருக்கு நோயாளி எங்கே படுத்திருக்கிறார் என்பது தெரியாது. ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கும் நோயாளி எந்தக் குழு என்று தெரியாது.

மறைப்பு உடைவதும் உண்டு. செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. ஆய்வில் தடுப்பூசி, போலி ஊசி இரண்டும் இருந்தன. ஆனால் பி.சி.ஜி. கையில் தழும்பு போடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படி மருந்தே தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடங்களை முன்கூட்டியே யோசியுங்கள்: தழும்பு, சிறுநீரின் நிறம், வாயில் கசப்பு, மலத்தின் கருமை. இரும்புச்சத்து மாத்திரை ஆய்வு செய்பவர்கள் மாட்டுவது கடைசியில் சொன்னதில்தான்.

ஏழாம் படி: குலுக்கியபடியே எண்ணுங்கள்

ஓராண்டில் சில குழந்தைகள் பாட்டி வீட்டுக்குப் போவார்கள், சிலர் மருந்தைத் துப்புவார்கள், சில தாய்மார் வேண்டாம் என்பார்கள். "ஒழுங்காகக் குடித்தவர்களை மட்டும் கணக்கில் எடுப்போம்" என்று தோன்றும். எடுக்காதீர்கள். ஒழுங்காகக் குடிக்கும் குடும்பங்கள் மற்ற விஷயங்களிலும் வேறுபட்டவை. எந்தக் குழுவில் ஒதுக்கினோமோ அதே குழுவில், குடித்தாலும் குடிக்காவிட்டாலும் எண்ண வேண்டும். இல்லையென்றால் குலுக்கலால் கிடைத்த சமநிலையை நாமே கலைத்துவிடுகிறோம்.

எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பதோடு, இரு பக்கமும் ஒரே அளவில் போனார்களா என்பதையும் பாருங்கள். திருச்சி ஆய்வில் இரண்டு குழுவிலும் வாராவாரம் குறைந்தது 88 சதவீதக் குழந்தைகளைச் சந்தித்திருக்கிறார்கள். அப்படி ஒத்துப்போகும்போதுதான் விடுபட்டவர்களால் முடிவு சாய்ந்திருக்காது என்று ஓரளவு நம்பலாம்.

எட்டாம் படி: முடிவைக் கணக்கிட்டுப் படியுங்கள்

விபத்து இறப்புகளை விலக்கினால் மொத்தம் 117 இறப்புகள். வைட்டமின் ஏ குழுவில் 37, கட்டுப்பாட்டுக் குழுவில் 80. ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய 7,700 குழந்தைகள். அப்படியென்றால் ஆயிரத்துக்கு 4.8 எதிராக 10.4. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.46. இறப்பு 54 சதவீதம் குறைந்தது என்று செய்தியில் வருவது இந்த எண்ணிலிருந்துதான்.

கழித்தும் பாருங்கள். ஆயிரத்துக்கு 5.6 குழந்தைகள். அதாவது ஓர் இறப்பைத் தடுக்க சுமார் 180 குழந்தைகளுக்கு ஓராண்டு மருந்து கொடுக்க வேண்டும். திட்டம் தீட்டுபவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண். வகுத்த எண் வேறு ஊரிலும் ஓரளவு பொருந்தக்கூடும். கழித்த எண் அந்த ஊரில் எவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இறப்பு ஏற்கெனவே ஆயிரத்துக்கு இரண்டாக இருக்கும் ஊரில் அதே 54 சதவீதம் ஒரே ஒரு குழந்தையைத்தான் காப்பாற்றும்.

0.46-க்கு நம்பக இடைவெளி ஏறத்தாழ 0.3 முதல் 0.7 வரை. ஆக, உண்மையான குறைவு 70 சதவீதமாகவும் இருக்கலாம், 30 சதவீதமாகவும் இருக்கலாம். ஆனால் பலனே இல்லை என்பதற்கான 1 என்ற எண் அந்த இடைவெளிக்கு வெளியே வெகு தூரத்தில் இருக்கிறது. பலன் அதிகமாகத் தெரிந்தது மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களிடமும் நீண்ட நாள் சத்துக்குறைவால் வளர்ச்சி குன்றியவர்களிடமும்.

சரி, அப்படியானால் விஷயம் முடிந்ததா? இல்லை. அதே 1990-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் குழு கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய டோஸ் கொடுத்துப் பார்த்தது. இறப்பில் வேறுபாடு இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 72 வட்டாரங்களில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013-ல் வெளியான டெவ்டா ஆய்வில் குறைவு 4 சதவீதம்தான், அதையும் தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. குலுக்கல் எல்லா இடத்திலும் நடந்தது. ஆனால் வாராவாரம் சிறிய டோஸ் என்பதும் அரையாண்டுக்கு ஒரு பெரிய டோஸ் என்பதும் ஒரே கேள்வி அல்ல. குழந்தைகளின் சத்துக்குறைவு, தட்டம்மைத் தடுப்பூசி, ஆள் வீட்டுக்கு வரும் இடைவெளி எல்லாமே ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறு. குலுக்கல் ஓர் ஆய்வுக்குள் இருக்கும் இரு குழுக்களைத்தான் சமமாக்கும். இரண்டு ஆய்வுகளைச் சமமாக்காது.

நீங்கள் படிக்கும் ஆய்வைச் சோதிக்க

இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருத்துவ ஆய்வுகளை CTRI என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் உள்ள பதிவு எண்ணை ctri.nic.in தளத்தில் தேடுங்கள். முதலில் தேதி: முதல் ஆள் சேர்வதற்கு முன் பதிந்தார்களா? அப்புறம் முதன்மை முடிவு: அங்கே "ஓராண்டில் இறப்பு" என்று இருந்து, கட்டுரையில் "ஆறு மாதத்தில் எடை" என்று மாறியிருந்தால், இடையில் நடந்தது என்ன என்று கட்டுரையாளர் விளக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு வரிசையைத் தயாரித்தவர் யார், அதை எப்படிப் பூட்டி வைத்தார் என்ற பத்தியைத் தேடுங்கள். "நோயாளிகள் ரேண்டமாகப் பிரிக்கப்பட்டனர்" என்ற ஒரே வரியோடு முடிந்திருந்தால், பதிவு மேசையில் இருந்த அந்தச் செவிலியருக்கு அடுத்த சீட்டு தெரிந்திருந்ததா இல்லையா என்று உங்களால் சொல்ல முடியாது.